அம்மாவின் கல்சர் றிப்போட்டில் S போட்ட குளிசை இருக்கிறது, பிறகு ஏன் ஊசி?

களுவாஞ்சி மகன் | செவ்வாய், மாலை

அம்மாவுக்கு 64 வயது. சீனி வருத்தம் பதினைந்து வருஷமாக இருக்கிறது. போன கிழமை சலக்கடுப்பில் தொடங்கியது. பக்கத்து கிளினிக்கில் சிப்ரோஃப்ளொக்சசின் குளிசை தந்தார்கள். மூன்றாம் நாள் இரவு பல் கிட்டும் அளவுக்கு நடுக்கம், வலப்பக்க நாரியிலிருந்து விலா வரை நோ, குடித்த தண்ணீரும் வாந்தி. சனிக்கிழமை இரவு வார்டில் சேர்த்தோம். முதலில் செஃப்ட்ரையக்சோன் ஊசி போட்டார்கள். திங்கள் மத்தியானம் றிப்போட் வந்ததும் அதை நிறுத்திவிட்டு மெரொப்பெனம் ஒரு கிராம், எட்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. இன்று காய்ச்சல் குறைந்திருக்கிறது, கொஞ்சம் கஞ்சி குடித்தார்.

றிப்போட்டைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்கிறேன்:

```
Urine   Escherichia coli  >100,000 CFU/ml   ESBL: Pos
Ceftriaxone       >=64     R
Ciprofloxacin      0.5     I
Pip-tazo           8       S
Meropenem        <=0.25    S
Amikacin           8       S
Co-trimoxazole   <=20      S
Nitrofurantoin   <=16      S
```

கடைசி வரியில் நைட்ரோஃபுரன்டோயின் S, அதாவது கிருமி அதற்கு அடங்கும். அது குளிசை என்று தெரியும், பக்கத்து வீட்டு மாமி முன்பு எடுத்தவர். அறுவடை நேரம், அப்பா வயலில் தனியாக நிற்கிறார், அம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்று அழுகிறார். வேலை செய்யும் குளிசை ஒன்று இருக்கும்போது எதற்காக ஊசிக்காகப் படுத்திருக்க வேண்டும்?

ஏறாவூர் பார்மசி | செவ்வாய், இரவு

தம்பி, அந்த எண்தான் விளக்கம். கிருமி வளராமல் நிற்க எவ்வளவு மருந்து தேவை என்பதை அது சொல்கிறது. எண் சிறிதானால் மருந்து பலம் கூட. மெரொப்பெனம் 0.25, நைட்ரோ 16. அதாவது நைட்ரோ அறுபத்து நான்கு மடங்கு பலம் குறைந்தது. அதனால்தான் டொக்டர் மெரொப்பெனத்தை எடுத்திருக்கிறார். இரண்டாம் இடம் சிப்ரோ, 0.5. அளவைக் கூட்டிக் கொடுத்தால் அதுவும் சரிவரும்.

அக்கரைப்பற்று மகள் | செவ்வாய், இரவு

எங்கட வாப்பாவுக்கும் இதே நைட்ரோதான் S என்று வந்தது. பத்து நாள் கொடுத்தோம். மறுகா திரும்பக் கல்சர் செய்தால் கிருமி அப்படியே இருக்கிறது. அவருக்கு நான்கு மாதமாக சலக்குழாய் போட்டிருக்கிறது. காய்ச்சல் ஒன்றும் இல்லை, சலம் கலங்கலாக இருந்தது என்றுதான் நாங்களே கொண்டுபோய்க் கொடுத்தோம். S என்று போட்டால் நம்பி எடுக்காதீர்கள் தம்பி, அனுபவத்தில் சொல்கிறேன்.

வாவிக்கரை | செவ்வாய், இரவு

மட்டக்களப்பில் நுண்ணுயிரியல் வைத்தியராக வேலை செய்தவள் நான்.

பார்மசி அண்ணன் மெரொப்பெனத்தைப் பற்றிச் சொன்ன முடிவு சரி, போன வழி பிழை. இரண்டு மருந்தின் எண்ணை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கவே கூடாது. ஒவ்வொரு மருந்துக்கும் தனிக் கோடு இருக்கிறது. நம் நாட்டில் பெரும்பாலான லேப்கள் பின்பற்றும் அமெரிக்க அட்டவணையில் மெரொப்பெனத்துக்கு 1 வரை S. நைட்ரோவுக்கு 32 வரை S. சிப்ரோவுக்கு 0.25 வரைதான் S. ஆகவே 0.5 என்ற சிப்ரோ கோட்டுக்கு வெளியே நிற்கிறது, 16 என்ற நைட்ரோ உள்ளே நிற்கிறது. மருந்து போட்டால் உடம்பில் எவ்வளவு சேரும், அந்த அளவில் எத்தனை பேருக்குச் சுகமாகும் என்று பார்த்துப் போட்ட கோடுகள் அவை.

சிப்ரோவைப் பற்றி இன்னொன்று. எதிர்ப்பு எதுவும் பழகாத ஈ.கோலை கிருமி 0.015 அளவிலேயே அடங்கிவிடும். அம்மாவின் கிருமிக்கு 0.5 தேவைப்படுகிறது, முப்பது மடங்குக்கு மேல். அது முதல் படி ஏறிவிட்ட கிருமி. அதன்மேல் சிப்ரோவைக் கொடுத்தால் அடுத்த படியும் ஏறும். கிளினிக் குளிசை எடுத்துக்கொண்டிருக்கும்போதே அவருக்கு நடுக்கம் வந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

தம்பி, நீங்கள் தந்தது சலத்தின் தாள். சனிக்கிழமை கையில் குத்தி இரத்தமும் எடுத்திருப்பார்களே, போத்தலில்? அந்தத் தாள் எங்கே?

களுவாஞ்சி மகன் | புதன், காலை

டொக்டர், இரண்டாவது தாள் ஒன்று பின் பக்கம் குத்தியிருக்கிறது. நான் அதே றிப்போட்டின் பிரதி என்று நினைத்துப் பார்க்கவே இல்லை. மேலே Blood என்று இருக்கிறது. கிருமியின் பெயர் அதேதான், ஈ.கோலை. எண்களும் அதே எண்கள். ஆனால் இந்தத் தாளில் நைட்ரோஃபுரன்டோயின் வரியே இல்லை. விட்டுவிட்டார்களா?

வாவிக்கரை | புதன், காலை

விடவில்லை. வேண்டுமென்றே எடுத்திருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்த இல்லாத வரியில்தான் இருக்கிறது.

நைட்ரோ குளிசையை விழுங்கினால் அது குடலில் ஏறி, சிறுநீரகத்தால் வேகமாக வடிக்கப்பட்டுச் சலத்தில் போய்ச் சேர்கிறது. சலத்தில் லீற்றருக்கு நூறு மில்லிகிராம் அளவுக்குக்கூடத் தேங்கும், அதனால் 16 தேவைப்படும் கிருமி அங்கே தப்பாது. இரத்தத்திலோ லீற்றருக்கு 1 மில்லிகிராம் சேருவதே கஷ்டம். சிறுநீரகத்தின் சதைக்குள்ளும் போதுமான அளவு நிற்பதில்லை. அம்மாவுக்குக் கிருமி சலப்பையில் மட்டும் இருந்திருந்தால், அதாவது கடுப்பு மட்டும், காய்ச்சல் இல்லை, விலா நோ இல்லை என்றால், செஃப்ட்ரையக்சோன் போன்ற மருந்துகளை உடைத்துவிடும் ESBL கிருமியாக இருந்தாலும் அந்தக் குளிசையை நானே எழுதியிருப்பேன். நடுக்கமும் விலா நோவும் கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியதைக் காட்டின. இரத்தத் தாள் அது இன்னும் மேலே போனதைக் காட்டுகிறது. இப்போது நைட்ரோவைக் கொடுத்தால் சலம் சுத்தமாகும், கடுப்பு நிற்கும், சுகமாகிவிட்டது என்று எல்லோரும் நினைப்பார்கள். இரத்தத்தில் கிருமி அப்படியே இருக்கும்.

சலத் தாளில் உள்ள S சலத்துக்கான S. எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் மேலே என்ன மாதிரி என்று எழுதியிருக்கிறது என்பதைப் பாருங்கள், மருந்து வரிக்கு அப்புறம் வாருங்கள்.

ஏறாவூர் பார்மசி | புதன், மதியம்

நன்றி டொக்டர். பதினொரு வருஷமாக எண்ணை மட்டும் பார்த்துத்தான் ஆட்களுக்குச் சொல்லி வந்திருக்கிறேன், அதை இன்றோடு விடுகிறேன். ஒன்று கேட்கிறேன். கோட்டை எண்ணால் வகுத்தால் எது பாதுகாப்பானது என்று வரிசைப்படுத்தலாம்தானே? மெரொப்பெனம் 1-ஐ 0.25-ஆல் வகுத்தால் நான்கு. பிப்பரசிலின்-டாஸோபாக்டம் கோடு 8, எண்ணும் 8, ஆகவே ஒன்று. அதுவும் S தானே. மெரொப்பெனத்தைக் கடைசி ஆயுதமாக வைத்திருக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அப்படியானால் இந்த அம்மாவுக்கு பிப்பரசிலினைப் போட்டு மெரொப்பெனத்தை மிச்சம் பிடித்திருக்கலாமே?

சம்மாந்துறை லேப் | புதன், மதியம்

நான் லேப் பக்கத்தில் இருப்பவன். வகுப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மெஷினுக்குள் போகும் அட்டையில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. மருந்து அளவு 0.25, 0.5, 1, 2, 4, 8 என்று இரட்டித்து இரட்டித்துப் போகும். கிருமி வளராத குழிகளில் மிகக் குறைந்த அளவு எதுவோ அந்த எண்ணைத்தான் எழுதுகிறோம். இடையில் 5 அல்லது 6 என்று ஒன்று வரவே வராது. அதே கிருமியை நாளைக்குத் திரும்பப் போட்டால் ஒரு படி மேலேயோ கீழேயோ விழலாம். அது பிழை அல்ல, முறையே அவ்வளவுதான் துல்லியம். ஆகவே பிப்பரசிலின் 8 என்பது நாளை 16 ஆகலாம், அப்போது அது S இல்லை. `<=0.25` என்பதில் உள்ள அந்தக் குறி, மிகக் குறைந்த குழியிலேயே கிருமி வளரவில்லை என்கிறது. உண்மையான எண் 0.03 ஆகவும் இருக்கலாம். தெரியாத எண்ணால் எப்படி வகுப்பது? கோட்டிலேயே நிற்கும் S, கோட்டிலிருந்து தள்ளி நிற்கும் S என்று இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது நியாயம். அதற்கு மேல் கணக்குப் போடாதீர்கள் அண்ணன்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. சிப்ரோ 0.5-க்கு I, அதாவது இடைநிலை, போட்டிருக்கிறது. 2019-க்கு முன்னர் 1 வரை S, ஆகவே இந்த மெஷினின் அட்டவணை அதற்குப் பிந்தியது. ஆனால் அமிக்கசின் 8-க்கு S போட்டிருக்கிறது. 2023-இல் அமிக்கசின் கோட்டை 16-இலிருந்து 4-க்கு இறக்கிவிட்டார்கள். புதிய கோட்டின்படி 8 என்றால் I. ஆக இந்த லேப்பின் அட்டவணை இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தது. கிருமி மாறவில்லை, எண் மாறவில்லை, எழுத்து மட்டும் மாறும். வெறும் S, R மட்டும் போட்டு எண் போடாத றிப்போட்டில் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எண்ணையும் எழுதுங்கள் என்று நான் ஒவ்வொரு இடத்திலும் கேட்பது இதனால்தான்.

வாவிக்கரை | புதன், மாலை

அமிக்கசினை நான் கவனிக்கவில்லை. சரியாகப் பிடித்தீர்கள்.

பிப்பரசிலின் கேள்விக்கு ஒரு நேரடி ஆய்வு இருக்கிறது. 2018-இல் வெளிவந்த மெரினோ. செஃப்ட்ரையக்சோனுக்கு அடங்காத, ஆனால் பிப்பரசிலினுக்கு S என்று வந்த கிருமி இரத்தத்தில் இருந்தவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மெரொப்பெனம், மறு பகுதிக்கு பிப்பரசிலின்-டாஸோபாக்டம் கொடுத்தார்கள். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் மெரொப்பெனம் பகுதியில் 3.7 வீதம், மற்றதில் 12.3 வீதம். குழியில் அடங்கிய கிருமி ஆளுக்குள் அடங்கவில்லை. இரத்தத் தாளில் ESBL என்று இருக்கும்போது பக்கத்தில் உள்ள பிப்பரசிலின் S-ஐ நான் படிப்பதே இல்லை.

இரவு ட்யூட்டி | புதன், இரவு

அம்பாறை மாவட்டத்தில் மருத்துவ வார்டில் வேலை செய்கிறேன். அக்கா, இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மெரினோவின் கிருமிகளைப் பிறகு சரியான முறையில் திரும்ப அளந்தபோது, S என்று சேர்த்தவற்றில் ஒரு பகுதி உண்மையில் S இல்லை என்று தெரிந்தது. அவற்றைக் கழித்தால் இரண்டு பகுதிக்கும் உள்ள வித்தியாசம் சுருங்குகிறது. சலத்திலிருந்து இரத்தத்துக்குப் போனவர்கள் பொதுவாக நன்றாகத் தேறுவார்கள். றிப்போட் வருமுன் பிப்பரசிலின் தொடங்கி, இரண்டு நாளில் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார்ந்திருப்பவரை, தாளைப் பார்த்துவிட்டு மெரொப்பெனத்துக்கு மாற்றுவதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்கிறேன். எல்லோருக்கும் மெரொப்பெனம் போட்டால் நாளை அதற்கும் அடங்காத கிருமிதான் வார்டில் சுற்றும்.

வாவிக்கரை | புதன், இரவு

தம்பி, திரும்ப அளந்ததைப் பற்றிச் சொன்னது உண்மை. ஆனால் நம் லேப்பிலும் அதே பிழை நடக்கும்தானே? எண் 8, கோட்டின் மேலேயே நிற்கிறது. சலப்பையோடு நின்றவர் என்றால் உங்கள் பக்கம் வருவேன். இரத்தத்தில் கிருமி என்றால் வரமாட்டேன். இதில் நாம் இருவரும் வேறு வேறாகவே இருப்போம்.

களுவாஞ்சி மகன் | புதன், இரவு

எல்லாவற்றையும் இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு சந்தேகம். ஏன் சனிக்கிழமையே மெரொப்பெனம் போடவில்லை? இரண்டு நாள் வீணாகிவிட்டதே. மற்றது, இன்னும் எத்தனை நாள்?

இரவு ட்யூட்டி | வியாழன், அதிகாலை

சனிக்கிழமை இரவு கிருமியின் பெயரே தெரியாது. அந்த நேரம் கையில் இருப்பது வேறொரு அட்டவணை. முந்திய வருஷம் அந்த வைத்தியசாலையில் வளர்ந்த ஈ.கோலைகளில் நூற்றுக்கு எத்தனை எந்த மருந்துக்கு அடங்கின என்ற கணக்கு. அதைப் பார்த்து, ஆளின் நிலையையும் பார்த்துத்தான் முதல் ஊசியைத் தெரிவு செய்வோம். அந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு. சாதாரணக் கடுப்புக்கு யாரும் கல்சர் அனுப்புவதில்லை, குளிசைக்கு அடங்காமல் வந்தவர்களுக்குத்தான் அனுப்புகிறோம். அதனால் ஊரில் உள்ள நிலையைவிட மோசமாகவே அது காட்டும். முப்பது கிருமிக்குக் குறைவாக வைத்துப் போட்ட வீதத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை. உங்கள் அம்மாவின் இரத்த அழுத்தம் அன்று விழுந்திருந்தால் பெரும்பாலும் மெரொப்பெனத்திலேயே தொடங்கியிருப்பார்கள். அங்கே நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

வாவிக்கரை | வியாழன், காலை

நாள் கணக்குக்கு வருகிறேன். கிருமியை அடக்கும் மருந்து ஏறிய நாள்தான் முதல் நாள். சிப்ரோ எடுத்த நாட்களும் செஃப்ட்ரையக்சோன் போட்ட இரண்டு நாளும் சேராது. ஆகவே திங்கள் முதலாம் நாள். இரத்தத்தில் கிருமி உள்ளவர்களுக்கு ஏழு நாள் போதுமா, பதினான்கு நாள் வேண்டுமா என்று மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2024-இல் வந்தது. ஏழு நாள் பின்தங்கவில்லை. அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டு, ஸ்கேனில் அடைப்போ சீழோ இல்லையென்றால் ஞாயிறோடு ஏழு நாள்.

அத்தனை நாளும் ஊசியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. நீங்கள் குளிசை தேடிய எண்ணம் பிழையில்லை, எடுத்த வரிதான் பிழை. ஒரு வரி மேலே பாருங்கள். கோட்ரைமொக்சசோல், `<=20`, S. கோட்டுக்கு நன்றாகக் கீழே நிற்கிறது, இரத்தத் தாளிலும் இருக்கிறது. அந்தக் குளிசை வயிற்றிலிருந்து கிட்டத்தட்ட முழுவதும் இரத்தத்துக்கு ஏறும், சிறுநீரகத்துக்குள்ளும் போகும். ESBL கிருமிகளில் பல இதற்கும் அடங்காதவை, அம்மாவுக்கு வந்தது அடங்கும் கிருமி. வாந்தி நின்று, காய்ச்சல் இல்லாமல் ஒரு நாளாவது போனால், மெரொப்பெனத்தை நிறுத்தி மீதி நாளை இந்தக் குளிசையில் முடிக்கலாமா என்று வார்ட் டொக்டரிடம் கேளுங்கள். வழமையாக 480 மில்லிகிராம் குளிசை காலையில் இரண்டு, இரவில் இரண்டு. எடையைப் பார்த்துக் கூட்டுபவர்களும் உண்டு.

கேட்கும்போது மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். சல்ஃபா மருந்துக்கு முன்பு எப்போதாவது தோல் தடித்ததா, பிரஷருக்கு என்ன குளிசை எடுக்கிறார், சீனிக்கு என்ன எடுக்கிறார். லொசார்டன் அல்லது எனலப்ரில் என்றால் இதோடு சேர்ந்து இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். கிளிபென்கிளமைட், கிளிக்லசைட் போன்றவை என்றால் சீனி திடீரென விழலாம், அதுவும் சாப்பாடு குறைந்திருக்கும் நேரத்தில்.

அக்கரைப்பற்று மகளுக்கு: உங்கள் வாப்பாவின் S பொய்க்கவில்லை. குழாய் மாதக்கணக்கில் இருந்தால் அதன் உட்சுவரில் கிருமி படிந்து குடியிருக்கும். யாருக்குப் பார்த்தாலும் கல்சரில் வரும். காய்ச்சல், நடுக்கம், அடிவயிற்று நோ, புதிதாகத் தடுமாற்றம் ஒன்றும் இல்லையென்றால் அதற்கு மருந்தே தேவையில்லை. கலங்கலுக்காக மட்டும் சலம் கொடுக்காதீர்கள். காய்ச்சல் வந்தால் பழைய குழாயை மாற்றிவிட்டு, புதுக் குழாயிலிருந்து எடுத்துக் கொடுங்கள்.

அக்கரைப்பற்று மகள் | வியாழன், மதியம்

பையிலிருந்து போத்தலுக்கு ஊற்றித்தான் இதுவரை கொண்டுபோனோம் டொக்டர். யாரும் சொல்லித் தரவில்லை. அந்தப் பத்து நாள் குளிசையில் வாப்பா ஒன்றும் சாப்பிடாமல் மெலிந்துவிட்டார். இனி அப்படிச் செய்யமாட்டோம், இன்ஷா அல்லாஹ்.

களுவாஞ்சி மகன் | வியாழன், இரவு

ரவுண்ட்ஸ் நேரத்தில் கேட்டேன். வார்ட் டொக்டர் தாளை வாங்கிப் பார்த்து, நானும் அதைத்தான் யோசித்தேன் என்றார். நேற்றுக் காலையிலிருந்து காய்ச்சல் இல்லை. ஸ்கேன் சுத்தம். சல்ஃபாவுக்குத் தோல் தடித்ததில்லை. அம்மா எடுப்பது லொசார்டன். சீனிக்கு மெட்ஃபோமின் மட்டும். ஆனால் இன்று காலை எடுத்த இரத்தத்தில் பொட்டாசியம் 5.4. இதோடு கோட்ரைமொக்சசோல் தர முடியாது என்றார். லொசார்டனை நிறுத்திவிட்டு நாளை காலை மறுபடி பார்ப்பார்களாம். இறங்கினால் குளிசையோடு வீடு, இறங்காவிட்டால் ஞாயிறு வரை ஊசி. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், மாமா வயலுக்குப் போகிறார்.

சம்மாந்துறை லேப் | வியாழன், இரவு

தம்பி, நாளை இரத்தம் எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். அம்மாவின் நரம்பு பிடிபடாமல் பட்டியை நீண்ட நேரம் இறுக்கிக் கட்டி, கையை மூடித் திறக்கச் சொல்லி, மெல்லிய ஊசியால் இழுத்து எடுத்தால் பொட்டாசியம் பொய்யாக ஏறும். இழுத்து எடுப்பதில் செங்குருதிக் கலம் உடைந்து உள்ளிருப்பது வெளியே வந்துவிடும். குழாயைச் சுழற்றிய பிறகு மேலே நிற்கும் திரவம் வெளிர் மஞ்சளாக இருக்க வேண்டும், சிவப்பேறி இருந்தால் அந்த எண்ணை நம்ப முடியாது. இன்றைய 5.4 அப்படி வந்ததா என்று லேப்பில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள், கேட்டால் சொல்வார்கள். எடுத்த குழாயை மேசையில் வைத்துவிடாமல் உடனே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.